ஆறு எழுத்தும் நான்கு எழுத்தும்: வரிசைப் பொருத்தலில் மதிப்பெண், இடைவெளி

(கும்பகோணம், தாவரவியல் இரண்டாம் ஆண்டு, சனிக்கிழமை பிற்பகல் வகுப்பு. திரையில் வருவது முதலில். நான் பேசுவது அதற்குக் கீழே.)

ஸ்லைடு 1

```
GATTCA
GTCA
```

இந்த இரண்டும் உறவா?

பேச்சு: ஒன்றில் ஆறு எழுத்து, மற்றதில் நான்கு. எந்த மரபணுவிலிருந்தும் எடுத்தவை அல்ல. நேற்றிரவு நானே எழுதியவை. வகுப்பு முடியும் வரை இந்த இரண்டையும் விட்டு நகரப் போவதில்லை. நீளம் வேறாக இருப்பதால் குட்டை வரிசையில் இரண்டு இடத்தைக் காலியாக விட்டே ஆகவேண்டும். எங்கே விடுவது என்பதுதான் முழுச் சிக்கலும்.

ஸ்லைடு 2

பொருத்தம் +1, பொருந்தாமை −1, இடைவெளி −2

```
GATTCA
GTCA--     1 - 3 - 4 = -6

GATTCA
--GTCA     3 - 1 - 4 = -2
```

பேச்சு: முதலில் இடது ஓரமாக ஒட்டிவைத்தோம். G மட்டும் சேர்ந்தது, மூன்று இடத்தில் எழுத்து மாறிப்போனது, கோடு இரண்டு. மொத்தம் −6. வலது ஓரமாகத் தள்ளினால் T, C, A சேர்கின்றன, −2. தள்ளிவைத்ததிலேயே நான்கு மதிப்பெண் ஏறிவிட்டது.

இடைவெளிக்கு ஏன் இவ்வளவு அபராதம் என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நானே கேட்க வேண்டும். அபராதம் 0 என்று வைத்துப் பாருங்கள். வேண்டிய இடத்தில் எல்லாம் கோடு போட்டு, சேராத எழுத்துகளை ஒதுக்கிவிடலாம். பிறகு எந்த இரண்டு வரிசையும் உறவாகிவிடும், நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஐந்து நிமிடம் பேசினால் எல்லோரும் யாருக்கோ மாமன் மச்சான் ஆகிவிடுவது போல.

ஸ்லைடு 3

```
       -    G    A    T    T    C    A
-      0   -2   -4   -6   -8  -10  -12
G     -2    1   -1   -3   -5   -7   -9
T     -4   -1    0    0   -2   -4   -6
C     -6   -3   -2   -1   -1   -1   -3
A     -8   -5   -2   -3   -2   -2    0
```

பேச்சு: இது நீடில்மேனும் வுன்ஷும் 1970-இல் வெளியிட்ட முறை. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று வழியாக வரலாம்: மூலைவிட்டமாக வந்தால் எழுத்துக்கு எழுத்து, இடப்பக்கத்திலிருந்தோ மேலிருந்தோ வந்தால் ஒரு கோடு. மூன்றில் பெரிய எண்ணை எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

எல்லாக் கட்டத்தையும் கரும்பலகையில் போட நேரமில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்: T வரிசையில், இரண்டாவது T-க்குக் கீழே இருக்கும் கட்டம். மூலைவிட்டத்தில் −3 இருக்கிறது; T-யும் T-யும் சேர்வதால் −3 + 1 = −2. இடப்பக்கத்தில் 0; கோடு போட்டால் 0 − 2 = −2. மேலே −5, அங்கிருந்து வந்தால் −7. ஆக −2 இரண்டு வழியாக வருகிறது. இந்தக் கட்டத்தில் பென்சிலால் இரண்டு அம்புக்குறி போட்டுவையுங்கள். போன வருடம் நான் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, அடுத்த ஸ்லைடில் மாட்டிக்கொண்டு விழித்தேன்.

ஸ்லைடு 4

```
GATTCA
G--TCA     4 - 4 = 0

GATTCA
G-T-CA     4 - 4 = 0
```

பேச்சு: அட்டவணையின் வலது கீழ் மூலையில் 0. அங்கிருந்து அம்புக்குறியைப் பின்பற்றித் திரும்பி நடந்தால் அந்தக் கட்டத்தில் பாதை பிரிகிறது. இரண்டு விடை, ஒரே மதிப்பெண். எது சரி? நாம் போட்ட விதிப்படி இரண்டும் சரி. வீட்டுப்பாடத்தில் ஒருவர் மேலதையும் இன்னொருவர் கீழதையும் எழுதிவந்தால் இருவருக்கும் முழு மதிப்பெண் தருவேன். ஆனால் உயிரியலில் இரண்டும் ஒன்றல்ல. மேலே உள்ளதில் ஒரே நிகழ்வில் இரண்டு எழுத்து போயிருக்கலாம். கீழே உள்ளதற்கு இரண்டு தனித்தனி நிகழ்வு தேவை.

ஸ்லைடு 5

ஓர் உடைப்பு, இருபது அடி அகலம்
இருபது உடைப்பு, அடி அடியாக

பேச்சு: கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிய நாட்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கரையில் உடைப்பு எடுப்பதுதான் அரிது. எடுத்துவிட்டால் இருபது அடி அகலமாவது வெகு சுலபம், மண் தானே கரைந்து போகும். ஒரே இரவில் இருபது இடத்தில் ஓரடி உடைப்பு எடுத்தது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? டிஎன்ஏவிலும் அப்படித்தான். பல எழுத்து ஒரே நிகழ்வில் விழுந்துபோவது உண்டு. அதனால் இடைவெளியைத் திறப்பதற்கு ஒரு கட்டணம், நீட்டுவதற்கு வேறொரு குறைந்த கட்டணம்.

ஸ்லைடு 6

முதல் கோடு −3, தொடரும் ஒவ்வொரு கோடும் −1

```
G--TCA     4 - 3 - 1 = 0
G-T-CA     4 - 3 - 3 = -2
```

பேச்சு: முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மேலதே வெல்கிறது. இதற்கு ஓர் அட்டவணை போதாது. ஏற்கெனவே திறந்த இடைவெளியில் இருக்கிறோமா என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூன்று அட்டவணையை வைத்து இதை வேகமாகச் செய்யும் வழியை கோட்டோ 1982-இல் தந்தார். தேர்வுக்கு அது வராது.

ஸ்லைடு 7

எட்டு எழுத்து போனதால் வந்த வாசனை

பேச்சு: பாஸ்மதி போன்ற பல வாசனை அரிசிகளில் BADH2 என்ற மரபணுவின் ஏழாவது எக்ஸானில் எட்டு எழுத்து தொடர்ச்சியாக இல்லை. எட்டு என்பது மூன்றால் வகுபடாது என்பதால் அதற்குப் பிறகு வாசிப்புச் சட்டகமே நகர்ந்துவிடுகிறது. புரதம் பாதியில் நின்றுபோகிறது. அந்த நொதி இல்லாதபோது, வாசனைக்குக் காரணமான பொருள் நெல்லில் சேர்கிறது. நம் பழைய கணக்கில் இந்த எட்டுக்கு −16 அபராதம்; புதிய கணக்கில் −3 − 7 = −10.

இன்னும் பெரியது வேண்டுமானால், ஐஆர்8 நெல்லைக் குட்டையாக்கிய sd1 மரபணுவில் 383 எழுத்து விழுந்திருக்கிறது. தஞ்சை மாவட்டத்து வயல்களில் உங்கள் தாத்தாக்கள் நட்ட நெல் அது. −766-உம் −385-உம். இரண்டுமே கடுமைதான், ஆனால் ஒன்று மற்றதில் பாதி.

ஸ்லைடு 8

```
needle    10, 0.5
blastp    11, 1
```

பேச்சு: வரிசைகளைப் பொருத்தும் இந்த இரண்டு கணினி நிரல்களிலும் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், இடைவெளியைத் திறக்கவும் நீட்டவும் வரும் கட்டணங்கள் இவை. ஒரு பொறி இருக்கிறது. needle நிரலில் முதல் கோட்டுக்கு 10, அடுத்ததிலிருந்து 0.5; நாம் இன்று போட்ட கணக்கும் இதே வழக்கம். blastp-இல் திறக்கும் 11-உடன் முதல் கோட்டின் 1-உம் சேரும், ஆக முதல் கோட்டுக்கே 12. எண்ணை மட்டும் ஒப்பிட்டு இது கடுமை, அது மென்மை என்று சொல்லாதீர்கள். பொருத்தத்துக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஸ்லைடு 9

திங்கட்கிழமைக்கு

```
GATTCA
GATCA
```

பேச்சு: ஒரே ஒரு கோடு. முதல் T-க்குக் கீழே வைத்தாலும் இரண்டாவது T-க்குக் கீழே வைத்தாலும் மதிப்பெண் மாறாது. பழைய கணக்கில் 3, புதிய கணக்கில் 2. நம் உடைப்புக் கட்டணம் இங்கே ஏன் உதவவில்லை? ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். அட்டவணையைக் கையால் போடுங்கள், இந்த முறை இரண்டு அம்புக்குறியோடு.