உறங்கப் போகுமுன் ஒரு மணி நேரம் வெளிச்சத்தைக் குறையுங்கள்

வணக்கம். இந்தக் குறுங்காணொளி இரு தரப்பினருக்கானது. இரவு நெடுநேரம் படித்துவிட்டு, விடியுமுன்பே எழுந்து உயர்நிலைப் பள்ளிக்கோ தொடக்கக் கல்லூரிக்கோ கிளம்பும் மாணவர்கள் ஒரு தரப்பு. ஊர் எழுந்து வேலைக்குப் புறப்படும் வேளையில் வேலை முடித்து வீட்டுக்கோ தங்குவிடுதிக்கோ திரும்பும் இரவுப் பணி ஊழியர்கள் மற்றொரு தரப்பு. நான் சிங்கப்பூரில் மருத்துவமனை ஒன்றில் சுழற்சி முறையில் பணியாற்றும் தாதி. உங்களிடம் ஒரே ஒரு பழக்கத்தையும் அதற்கான ஒரே ஒரு காரணத்தையும் மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

பழக்கம் இதுதான்: நீங்கள் எந்த நேரத்தில் படுக்கச் செல்கிறீர்களோ, அதற்கு முந்திய ஒரு மணி நேரம் உங்கள் கண்ணில் படும் வெளிச்சத்தை உங்களால் இயன்ற அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். இரவு 11 மணிக்குப் படுப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் 10 மணிக்குத் தொடங்கும். இரவுப் பணி முடிந்து காலை 9 மணிக்குப் படுப்பவருக்கு 8 மணிக்குத் தொடங்கும்.

இனிக் காரணத்துக்கு வருகிறேன். நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடலின் இரவு பகலைக் கணித்துக்கொண்டே இருக்கும் ஒரு சிறு நரம்பணுத் தொகுதி இருக்கிறது. அதற்கு வெளியுலகின் நேரத்தை முதன்மையாகத் தெரிவிப்பது வெளிச்சம்தான். விழித்திரையில் உருவங்களைப் பார்க்க உதவும் அணுக்களைத் தவிர, சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை அளந்து அந்தத் தொகுதிக்கு அனுப்பும் தனி அணுக்களும் உண்டு என்பது 2002-இல் உறுதியானது. மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட இந்த அணுக்கள், ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கே மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. பகல் வெளிச்சத்திலும் நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்இடி விளக்குகளிலும் அந்த நீலம் நிறையவே இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால்தான், உடலுக்கு இரவு வந்துவிட்டது என்று அறிவிக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு தடையின்றி ஊறும். வெளிச்சம் நீடித்தால் அது தள்ளிப்போகும்.

இங்கே பலரும் கைபேசியை மட்டுமே குற்றம் சொல்கிறார்கள். என் கருத்தில், தலைக்கு மேலே எரியும் கூரை விளக்கையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஜோஷுவா கூலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நலமாக இருந்த 116 இளையர்களை உறங்குவதற்கு முந்திய மணி நேரங்களில் ஒருமுறை சாதாரண அறை வெளிச்சத்திலும் மற்றொருமுறை மிக மங்கலான வெளிச்சத்திலும் இருக்கச் செய்து ஒப்பிட்டார்கள். அறை வெளிச்சம் 200 லக்ஸுக்கும் குறைவாகவே இருந்தது. அதாவது, நம் வீட்டுக் கூடத்தில் நாம் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கும் அளவு. அவ்வளவு வெளிச்சத்திலேயே மெலடோனின் சுரக்கும் காலம் ஏறத்தாழ 90 நிமிடம் சுருங்கியது. தூக்கமே 90 நிமிடம் குறைந்தது என்று இதற்குப் பொருளில்லை. இரவை அறிவிக்கும் குறிப்பு அவ்வளவு குறைந்தது என்பதே பொருள்.

மாணவர்களே, பதின்ம வயதில் இந்த உட்கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்தங்கி ஓடும். அதனால் இரவு 11 மணிக்கும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. ஆனால் 13 முதல் 18 வயதுவரை உள்ளோருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை; பள்ளி மணியோ உங்களுக்காகத் தள்ளிப்போவதில்லை. ஆகவே இரவில் மேலும் பின்தங்க வைக்கும் வெளிச்சத்தை நாமே கூட்டிக்கொள்ளக் கூடாது. தம்பியோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் வீவக வீட்டில் இதை எப்படிச் செய்வது? கடினமான கணக்குகளையும் மடிக்கணினி வேலையையும் முதலில் முடித்துவிடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் கூரை விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சள் ஒளி தரும் சிறிய மேசை விளக்கைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். நாளைய புத்தகப் பையை அடுக்குவதற்கும், குளிப்பதற்கும், அச்சிட்ட குறிப்புகளை ஒருமுறை புரட்டுவதற்கும் அந்த வெளிச்சம் போதும். கைபேசியைக் கூடத்தில் மின்னூட்டத்துக்கு வைத்துவிடுங்கள். எழுப்புவதற்குத் தனியாக ஓர் அலாரக் கடிகாரம் இருந்தால் நல்லது.

இரவுப் பணி ஊழியர்களுக்கு இது இன்னும் கடினம், அதற்கு நம் ஊரின் அமைப்பே ஒரு காரணம். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ காலை 7 மணிக்கு உதிக்கிறது. 1982-ஆம் ஆண்டு தொடங்கி நம் கடிகாரம் கிரீனிச் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னதாக ஓடுகிறது. நாம் இருக்கும் தீர்க்கரேகையின்படி அது ஏறக்குறைய 7 மணி நேரமாகத்தான் இருந்திருக்கும். இதனால், 7 மணிக்கோ 8 மணிக்கோ பணியை ஒப்படைத்துவிட்டு வெளியே வரும்போது, நமக்கு இருட்டு வேண்டிய அதே நேரத்தில் பகல் தொடங்கிக்கொண்டிருக்கிறது. திறந்த வெளியின் பகலொளி 10,000 லக்ஸையும் எளிதில் தாண்டும் என்பதை, முன்பு சொன்ன 200 லக்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனவே பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை கூரையுள்ள நடைபாதையிலேயே நடந்து வாருங்கள். பேருந்திலோ நிறுவனத்தின் வாகனத்திலோ பயணியாக வருபவர் கருங்கண்ணாடி அணிந்துகொள்ளலாம். நீங்களே வண்டி ஓட்டுபவராக இருந்தால், குறிப்பாக மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து ஜோகூர் பாருவுக்குத் திரும்புபவராக இருந்தால், இதை வழியில் செய்யவே வேண்டாம். களைத்த கண்களுக்கு அப்போது வெளிச்சமும் விழிப்பும் தேவை. வீடு சேர்ந்த பிறகே உங்கள் ஒரு மணி நேரம் தொடங்கட்டும். தங்குவிடுதியில் அடுக்குக் கட்டிலில் படுக்கும் தம்பிமார்கள், விடுதி விதிகள் இடம்கொடுத்தால் கட்டிலைச் சுற்றித் தடித்த துணித்திரை ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு கண்மறைப்புத் துணி போதும். அறைவாசிகள் வெவ்வேறு பணி நேரத்தில் இருந்தால், எந்த நேரத்தில் கூரை விளக்கைப் போடக் கூடாது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வது, எந்தத் துணியையும்விடப் பயன் தரும் என்று நான் நினைக்கிறேன்.

இது ஒரு பழக்கம் மட்டுமே. எந்த நோயையும் இது குணப்படுத்தாது, இதைச் செய்தால் உடனே தூக்கம் வரும் என்றும் நான் உறுதி சொல்லவில்லை. வாரத்தில் 3 இரவுகளாவது தூக்கம் பிடிக்காமல் அது மாதக்கணக்கில் நீடித்தாலோ, குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறுவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொன்னாலோ, வேலையிலும் வண்டியிலும் உங்களை அறியாமல் கண் சொருகினாலோ, பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ சென்று சொல்லுங்கள். மருத்துவர் ஏற்கெனவே கொடுத்திருக்கும் மருந்தை இந்தப் பழக்கத்தை நம்பி நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.