கடைமடைக்கு வராத தண்ணீர்: சுருக்கி வரைதல், மாதிரி விடை

மன்னார்குடி மாலை வகுப்பு, மொழித்தாள் பயிற்சி. சென்ற வாரத் தாள்களைத் திருத்திய பிறகு நானே உட்கார்ந்து எழுதிய விடை இது. வினாவை அப்படியே தருகிறேன்.

கீழ்க்காணும் பகுதியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதி, பொருத்தமான தலைப்பு இடுக.

மேட்டூர் அணை ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுவது வழக்கம். நீர் போதாத ஆண்டுகளில் அது தள்ளிப்போவதும் உண்டு. அன்று திறந்துவிடப்படும் தண்ணீர் முக்கொம்பைத் தாண்டிக் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்ட வயல்களுக்குப் பாய்கிறது. கல்லணையில் மதகு தூக்குகிற காட்சியை எல்லோரும் பார்க்கிறோம். பூவும் நெல்லும் தூவி வணங்குகிறோம். ஆனால் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கேயும் வேதாரண்யம் பக்கமும் இருக்கிற கடைமடை உழவர், அந்தத் தண்ணீர் தம் வாய்க்காலுக்கு வரும் நாளை எண்ணிக்கொண்டு வரப்பில் நிற்கிறார். சில ஆண்டுகளில் அது வருவதற்குள் நாற்று முற்றிப்போகிறது; சில ஆண்டுகளில் வருவதே இல்லை.

இதற்கு அணையில் நீர் குறைவாக இருப்பது மட்டும் காரணம் அன்று. வாய்க்கால்கள் தூர்ந்து கிடப்பதும் காரணம். மண் மேடிட்டு, ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடாது, தேங்கும், தேங்கினால் கரையை உடைக்கும். "என் தாத்தா காலத்தில் சித்திரையிலேயே ஊர்கூடி மண்வெட்டியோடு இறங்குவார்கள், வீட்டுக்கு ஓர் ஆள் கட்டாயம்" என்று எழுபது வயது உழவர் ஒருவர் சொன்னார். அந்தக் குடிமராமத்து வழக்கம் மெல்ல மறைந்தது. இப்போது அரசு ஒதுக்கும் பணத்தில் பொக்லைன் எந்திரங்கள் தூர் வாருகின்றன. அதுவும் பல இடங்களில் தண்ணீர் திறக்கும் வேளையில்தான் நடக்கிறது. வெட்டிய மண்ணைக் கரையிலேயே போட்டுவிட்டால், முதல் மழையில் அது மறுபடியும் வாய்க்காலுக்குள்தான் விழும்.

வடிகாலையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, வயலில் நிற்கிற வெள்ளம் வடிந்து கடலுக்குப் போகவேண்டும். வடிகால் அடைபட்டால் சம்பாப் பயிர் அழுகிப்போகும். ஆனியில் நீரின்றி வாடிய அதே வயல் கார்த்திகையில் நீரில் மூழ்குவதைப் போலக் கொடுமை வேறில்லை. ஆகவே கோடையிலேயே வாய்க்காலையும் வடிகாலையும் ஒருசேரத் தூர் வாரி முடிக்கவேண்டும். அந்தப் பணியை ஊர் உழவர்களும் உடனிருந்து கவனிக்கவேண்டும்.

விடை

தலைப்பு: கடைமடைக்குத் தண்ணீர்

மேட்டூரிலிருந்து திறக்கப்படும் நீர் கல்லணையில் பிரிந்து டெல்டா மாவட்டங்களுக்குப் பாய்ந்தாலும், கடைமடை வயல்களைச் சில ஆண்டுகளில் உரிய காலத்தில் எட்டுவதில்லை. அணையின் நீர்க்குறைவு மட்டுமின்றி, வாய்க்கால்கள் தூர்ந்து கிடப்பதும் இதற்குக் காரணம். முன்பு ஊரார் கோடையில் ஒன்றுகூடிச் செய்த குடிமராமத்து மறைந்துவிட்டது; இன்று அரசு செய்யும் பணி பல இடங்களில் காலந்தாழ்ந்து நடக்கிறது; அள்ளிய மண்ணும் அகற்றப்படாவிட்டால் மீண்டும் சரிகிறது. வடிகால்கள் அடைபட்டால் வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வடியாமல் சம்பாப் பயிர் அழுகும். எனவே வாய்க்கால், வடிகால் இரண்டையும் உழவர்களின் நேரடிக் கண்காணிப்போடு கோடையிலேயே தூர் வாரி முடிக்கவேண்டும்.

(பகுதியில் 189 சொற்கள், விடையில் 63. தலைப்பைச் சேர்க்கவில்லை.)

ஜூன் 12-ஐ அடிக்க எனக்கும் மனம் வரவில்லை. நம் பக்கத்தில் அந்த நாளுக்கு உள்ள மதிப்பு அப்படி. ஆனால் பகுதி பேசுவது அணை திறக்கும் நாளைப் பற்றி அல்ல, தண்ணீர் போகிற வழியைப் பற்றி. அதனால் நாள் போயிற்று. பூவும் நெல்லும் போயின. ஆறுகள், மாவட்டங்களின் பெயர்களை 'டெல்டா மாவட்டங்கள்' என்று அடக்கியதில் ஏழெட்டுச் சொல் மிச்சம்.

உங்களில் நான்கு பேர் "அணையில் நீர் குறைவாக இருப்பது காரணம் அன்று" என்று எழுதியிருந்தீர்கள். 'மட்டும்' விழுந்துவிட்டது; பொருளே தலைகீழாகிவிட்டது. ஒரு சொல்லை மிச்சம் பிடிக்க அதைத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம், பாதிப்பேர் வீட்டில் நிலம் இருக்கிறது, தெரியும். அதனால்தான் கஜா புயலும், 2018-இல் முக்கொம்பு மேலணையில் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும் உங்கள் விடைகளுக்குள் வந்துவிட்டன. இரண்டும் உண்மை. பகுதியில் இல்லை. கட்டுரைத் தாளில் எழுதுங்கள், அங்கே அவற்றுக்கு மதிப்பெண் உண்டு.

வெள்ளிக்கிழமை வரும்போது, இந்த விடையை மூடி வைத்துவிட்டு, இதே பகுதியை வேறு தலைப்பில் எழுதி வாருங்கள்.