வழு அறிக்கை 412 மீதான மீளாய்வு: அங்கத்தவர் தேடலில் «கோண்டாவில்» விடுபடுதல்

திங்கட்கிழமை மாலை நீங்கள் பதிந்த 412 ஆம் இலக்க அறிக்கையை இரண்டு தரம் வாசித்தேன். அதன் முழு வாசகம் இவ்வளவுதான்:

«வாசிகசாலை மென்பொருளில் தேடல் வேலை செய்யவில்லை. கோண்டாவில் என்று போட்டால் சிலர் வருவதில்லை. முன்பு சரியாக வந்தது. நூலகர் அக்கா நேற்றிலிருந்து மூன்று தரம் கோல் எடுத்துவிட்டா. மிக அவசரம்.»

இதனுடன் ஒரு படமும் இணைக்கப்பட்டுள்ளது. இந்த நிலையில் இதை நிரலாளரிடம் ஒப்படைக்க முடியாது என்பதால், «விவரம் தேவை» என்ற நிலைக்கு மாற்றி உங்களிடமே திருப்பியிருக்கிறேன். வழு இல்லை என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். உண்மையான வழு ஒன்று இருக்கிறது என்றே நம்புகிறேன், அந்த நம்பிக்கைக்குக் காரணம் நீங்கள் எழுதிய «சிலர்» என்ற ஒரு சொல். தலைப்பில் உள்ள «தேடல் வேலை செய்யவில்லை» என்ற வசனம் அந்தச் சொல்லோடு முரண்படுகிறது. தேடல் அடியோடு நின்றிருந்தால் எவருமே வந்திருக்க மாட்டார்கள். ஆகவே முதலில் தலைப்பைத் திருத்துங்கள்: «ஊர்ப் பெயரால் தேடும்போது அங்கத்தவர் சிலர் விடுபடுகின்றனர்».

அடுத்து மீள உருவாக்கும் படிகள். «கோண்டாவில் என்று போட்டால்» என்பதில் எந்தப் பெட்டியில் போட்டார், எதைக் கொண்டு போட்டார் என்ற இரண்டும் இல்லை. பொதுத் தேடல் பெட்டியும் அங்கத்தவர் பக்கத்தில் உள்ள «ஊர்» வடிகட்டியும் வெவ்வேறு வழியாகத் தரவுத்தளத்தைக் கேட்கின்றன என்பதால் முதலாவது கேள்வி அவசியமானது. இரண்டாவது அதைவிட முக்கியமானது. நூலகர் கைத்தொலைபேசியில் தட்டினாரா, மடிக்கணினியில் தட்டச்சுச் செய்தாரா, வேறு எங்கிருந்தாவது பிரதி எடுத்து ஒட்டினாரா? விடுபட்ட அங்கத்தவர்களின் பதிவுகள் ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றப்பட்டவையா, பழைய பேரேட்டிலிருந்து மொத்தமாக ஏற்றப்பட்டவையா?

இவ்வளவு துருவிக் கேட்பதன் காரணத்தை விளக்குகிறேன். யூனிகோட்டில் «கோ» என்ற எழுத்தைச் சேமிக்க இரண்டு வழிகள் உண்டு. ககரத்தின் பின் ஓகாரக் குறி முழுவதையும் U+0BCB என்ற ஒரே குறியாக இடலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் U+0BC7, U+0BBE என இரண்டாகப் பிரித்து இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், யூனிகோட் நியமமும் இரண்டையும் சமமாகவே கொள்கிறது, ஆனால் நமது தேடல் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடுவதால் அவற்றை வெவ்வேறு சொற்களாகக் காண்கிறது. நமது பரீட்சார்த்த சேவையகத்தில் ஒரே ஊரை இரு விதமாகவும் ஏற்றிப் பார்த்தேன்:

```
SELECT id, char_length(village)
FROM members WHERE id IN (31, 32);

 id | char_length
----+-------------
 31 |          10
 32 |          11
```

இரண்டு வரிசைகளிலும் இருப்பது கோண்டாவில்தான். என் விசைப்பலகையால் தேடியபோது 31 மட்டுமே வந்தது.

நம் பகுதியில் பழைய பேரேடுகள் பல பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினியில் கோண்டாவில் என்பது `Nfhz;lhtpy;` என்று இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு ககரம், அதன்பின் கால். அதை யூனிகோட்டுக்கு மாற்றும் கருவி கொம்பை ககரத்தின் பின்னே நகர்த்திவிட்டுக் காலோடு சேர்க்காமல் விட்டால், மேலே 32 ஆம் வரிசையில் உள்ளதுதான் கிடைக்கும். ஆனால் இது என் ஊகம் மட்டுமே. அறிக்கையில் ஊகத்தை எழுத வேண்டாம், அதைச் சோதிக்கக்கூடிய தகவலை எழுதுங்கள். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. அதே திரையில் நல்லூர், உரும்பிராய், மானிப்பாய் என்று தேடும்படி நூலகரிடம் கேளுங்கள், பிறகு கோப்பாய், கொக்குவில் என்று தேடச் சொல்லுங்கள். முதல் மூன்றிலும் எவரும் விடுபடாமல், பின் இரண்டில் சிலர் விடுபட்டால், ஊகம் பெருமளவு உறுதியாகும். நல்லூரிலும் ஆள் குறைந்தால் நான் மேலே எழுதியதை மறந்துவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

«முன்பு சரியாக வந்தது» என்பதற்கு ஒரு திகதி வேண்டும். சரியாக வந்த கடைசி நாள் எது, அதற்கும் திங்கட்கிழமைக்கும் இடையில் பேரேடு ஏற்றப்பட்டதா, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா, நூலகர் கணினியை மாற்றினாரா என்று கேட்டு எழுதுங்கள்.

சூழல் விவரம் என்ற பகுதி முழுவதும் வெறுமையாக உள்ளது. விண்டோஸ் பதிப்பு, உலாவியின் பெயரும் பதிப்பும், தமிழ் விசைப்பலகையின் வகை, நமது மென்பொருளின் பதிப்பு இலக்கம் ஆகியவை வேண்டும். பதிப்பு இலக்கம் திரையின் வலது கீழ் மூலையில் உள்ளது, படத்தில் அந்த இடத்தைப் படம் எடுத்தவரின் பெருவிரல் மறைத்திருக்கிறது. சேவையகத்தில் ஓடும் போஸ்ட்கிரஸ் பதிப்பை நூலகரிடம் கேட்க வேண்டியதில்லை, நிறுவல் பதிவேட்டில் பார்த்து எழுதுங்கள். இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் `normalize()` 13 ஆம் பதிப்பிலிருந்தே கிடைக்கிறது, அதற்கு முந்தியதாக இருந்தால் திருத்தத்தை வேறு இடத்தில் செய்ய நேரிடும்.

எதிர்பார்த்த விளைவு பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. «எல்லாரும் வர வேண்டும்» என்பது போதாது. ஊர்ப் புலத்தில் கோண்டாவில் என்று பதிந்த அங்கத்தவர் எத்தனை பேர் என்பது நூலகரின் கைப்பேரேட்டில் இருக்கும். அந்த எண்ணிக்கையையும் திரையில் வந்த எண்ணிக்கையையும் அருகருகே எழுதுங்கள். «கொண்டாவில்» என்று குறிலாகப் பிழைபட அடிக்கப்பட்ட பதிவும் வர வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறாரா என்பதையும் கேட்டு வையுங்கள். என் கருத்தில் அது இந்த வழுவின் எல்லைக்குள் வராது, அது பதிவுத் திருத்தம். ஆனால் அவர் குறிப்பிடும் «சிலர்» அவர்களாகவே இருந்தால், நாம் இல்லாத வழுவைத் துரத்திக்கொண்டிருப்போம். விடுபட்டவர்கள் இருக்கும்போது திரையில் பிழைச் செய்தி ஏதும் தோன்றியதா, அல்லது பட்டியல் மட்டும் குறுகியதா என்பதும் தேவை.

படத்தைப் பற்றி ஒன்று. திரையைக் கைத்தொலைபேசியால் எடுத்த படத்திலிருந்து எழுத்துக் குறிகளைப் பிரித்தறிய முடியாது. விடுபட்ட பதிவு ஒன்றின் ஊர்ப் புலத்தையும், நூலகர் தேடலில் இட்ட சொல்லையும் பிரதி எடுத்துத் தனித்தனி வரியாக ஒட்டுங்கள். நீங்களே மறுபடி தட்டச்சுச் செய்தால் தேடுகிற தடயம் அழிந்துபோகும். மேலும் அந்தப் படத்தில் 9 அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கங்களும் தொலைபேசி இலக்கங்களும் தெளிவாகத் தெரிந்தன. அதை அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டேன், உங்கள் கைத்தொலைபேசியில் உள்ள பிரதியையும் அழித்துவிடுங்கள்.

«மிக அவசரம்» என்ற முன்னுரிமையை «நடுத்தரம்» ஆக்கியுள்ளேன். நூலகர் மூன்று தரம் அழைத்தது அவருடைய சிரமத்தைக் காட்டுகிறது, அதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் அங்கத்துவ இலக்கத்தால் தேடினால் விடுபட்டவர்கள் வருவார்களானால் நூல் இரவல் தடைப்படாது. இதை இன்றே அவரிடம் சொல்லிச் சரிபாருங்கள், இலக்கத்தாலும் வராவிட்டால் முன்னுரிமையை மீண்டும் உயர்த்த என்னைக் கேட்க வேண்டியதில்லை.

வாசிகசாலை பின்னேரம் 4 மணிக்குத் திறக்கும் என்பதால், நாளை அந்த நேரத்தில் அவர் கணினிக்கு முன்னால் இருக்கும்போது அழைத்து, ஒவ்வொரு படியையும் அவர் செய்யச் செய்ய எழுதிக்கொள்ளுங்கள். அந்த விவரங்கள் சேர்ந்ததும் அறிக்கையை என் பெயருக்கே திருப்புங்கள், பரீட்சார்த்த சேவையகத்தில் உள்ள 31, 32 ஆம் பதிவுகளை அதுவரை அழிக்காமல் வைத்திருப்பேன்.