லூப் இல்லாமல் 3, 5 இன் மடங்குகளைக் கூட்டுவது

ஹட்டன் சனிக்கிழமை வகுப்பில் உயர்தரம் ஐசிடி படிக்கும் பிள்ளைகளுக்காக எழுதியது. போன வாரம் பலகையில் பாதியில் நின்ற கணக்கு இது: ஓர் எல்லை தரப்படுகிறது, அதைவிடக் குறைந்த எண்களில் 3 ஆலோ 5 ஆலோ மீதியின்றி வகுபடுபவற்றை எல்லாம் கூட்ட வேண்டும். எல்லை 10 என்றால் 3, 5, 6, 9. கூட்டினால் 23.

எல்லோரும் லூப்பில்தான் எழுதியிருந்தீர்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. எல்லை 1000 என்றால் கண் இமைப்பதற்குள் விடை வந்துவிடும். ஆனால் எல்லையை 1000000000 ஆக்கிப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணாக எடுத்து, வகுத்து, மீதி பார்க்கும் வேலை நூறு கோடித் தடவை நடக்க வேண்டும். ஃபோனில் பைதான் ஓட்டுகிறவர்கள் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். சாதாரண தரத்தில் படித்த இரண்டு விஷயங்கள் கையில் இருந்தால் அந்தக் காத்திருப்பே தேவையில்லை. ஒன்று கூட்டல் விருத்தி, மற்றது தொடைகள்.

முதலில் 3 இன் மடங்குகளை மட்டும் எடுப்போம். 1000க்குக் குறைந்தவை 3, 6, 9 என்று போய் 999 இல் முடிகின்றன. எல்லாவற்றிலும் 3 பொதுவாக இருப்பதால் அதை வெளியே எடுத்துவிடலாம். உள்ளே மிஞ்சுவது 1 + 2 + 3 + ... + 333. இதைக் கூட்ட, வரிசையை நேராக ஒரு தடவை எழுதி, அதன் கீழே தலைகீழாக இன்னொரு தடவை எழுதுங்கள். 1க்குக் கீழே 333, 2க்குக் கீழே 332, 3க்குக் கீழே 331. எந்தச் சோடியைக் கூட்டினாலும் 334தான். அப்படி 333 சோடிகள் இருக்கின்றன. வரிசையை இரண்டு தடவை எழுதியதால் பாதியாக்க வேண்டும். கூட்டல் விருத்தியின் கூட்டுத்தொகைக்கான விதியை ஆரியபட்டர் கி.பி. 499 இலேயே எழுதி வைத்துவிட்டார். நாம் செய்வதும் அதே கணக்குதான்.

பொதுவாக எழுதினால், `d` இன் மடங்குகள் `k` இருந்தால் கூட்டுத்தொகை `d * k * (k + 1) / 2`. மூன்றுக்கு 3 × 333 × 334 / 2 = 166833. ஐந்துக்கு 1000க்குக் குறைந்தவை 199; 5 × 199 × 200 / 2 = 99500.

இந்த இரண்டையும் கூட்டினால் 266333 வரும். சரியான விடை அதுவல்ல; அதிலிருந்து 15 இன் மடங்குகளைக் கழிக்க வேண்டும். திக்கோயாவிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி அந்த இடத்தில்தான் கேட்டாள்: "ஏன் சேர் 15ஐக் கழிக்கணும்? அதுவும் மடங்குதானே?" கேட்க வேண்டிய கேள்வி. 15 மடங்குதான், ஒரு தடவை கூட்டப்பட வேண்டியதுதான். ஆனால் 3 இன் வரிசையிலும் அது இருக்கிறது, 5 இன் வரிசையிலும் இருக்கிறது. தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு மேல் லயத்துக்காரர் ஒரு பட்டியலும் கீழ் லயத்துக்காரர் ஒரு பட்டியலும் எடுத்து, ஒரே ஆளின் பெயர் இரண்டிலும் விழுந்துவிட்டால் என்ன செய்வோம்? ஒரு பட்டியலில் வெட்டிவிடுவோம், மற்றதில் விட்டுவைப்போம். 15, 30, 45 என்று வரும் எண்களுக்கும் அதே கதி. வென் வரிப்படத்தில் இரண்டு வட்டங்களின் இடைவெட்டை ஒரு தடவை கழிப்பீர்களே, அதேதான் இது. அங்கே உறுப்புகளை எண்ணினோம், இங்கே கூட்டுகிறோம்.

15 இன் மடங்குகள் 66. 15 × 66 × 67 / 2 = 33165. ஆகவே 166833 + 99500 − 33165 = 233168. இதுதான் விடை.

இனி நிரல்:

```python
def tot(d, limit):
    k = (limit - 1) // d
    return d * k * (k + 1) // 2

def answer(limit):
    if limit <= 0:
        return 0
    return tot(3, limit) + tot(5, limit) - tot(15, limit)

print(answer(1000))
```

`limit - 1` என்று போட்டிருப்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். கேள்வி "குறைந்த" என்று கேட்கிறது; எல்லையையே சேர்க்கக்கூடாது. `limit // d` என்று எழுதினால் 1000 என்ற எண்ணே 5 இன் மடங்காக உள்ளே வந்துவிடும், விடை 234168 ஆகிவிடும். எல்லையை 998 என்று கொடுத்துப் பார்த்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது, ஏனென்றால் 998 ஆனது 3 இன் மடங்கும் அல்ல, 5 இன் மடங்கும் அல்ல. ஆகவே சோதிக்கும்போது 15, 16 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். 15க்கு 45 வர வேண்டும், 16க்கு 60.

வகுத்தலுக்கு `//` போடுங்கள், `/` வேண்டாம். `/` போட்டால் பைதான் தசம எண்ணாக மாற்றிவிடும், சிறிய எல்லைக்கு `.0` ஒட்டிக்கொண்டு வருவதோடு சரி, நூறு கோடி அளவுக்குப் போனால் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. `//` போடுவதால் எதுவும் நறுக்கப்படாது. `k`, `k + 1` அடுத்தடுத்த எண்கள், இரண்டில் ஒன்று நிச்சயம் இரட்டை. முதலில் பெருக்கிவிட்டு அப்புறம் வகுத்தால் போதும்.

சி மொழியில் எழுதுகிறவர்கள் `int` இல் வைக்காதீர்கள். எல்லை பத்து இலட்சம் ஆனாலே `k * (k + 1)` 32 பிட்டில் அடங்காது. `long long` வேண்டும். பைதானில் முழு எண்ணுக்கு அந்தக் கவலை இல்லை.

லூப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சூத்திரம் சரியா என்று பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது:

```python
def slow(limit):
    return sum(i for i in range(limit) if i % 3 == 0 or i % 5 == 0)

for n in range(2000):
    assert slow(n) == answer(n), n
```

எந்த எல்லையில் இரண்டும் ஒத்துப்போகவில்லையோ அங்கேயே நின்று அந்த எண்ணைக் காட்டிவிடும். ஒன்றும் காட்டாமல் முடிந்தால் நூறு கோடியைக் கொடுங்கள். 233333333166666668 என்று உடனே வரும்.

இன்னொன்று. 3, 5க்குப் பதிலாக 4, 6 என்று கேட்டால் கழிக்க வேண்டியது 24 இன் மடங்குகள் அல்ல, 12 இன் மடங்குகள். இரண்டையும் பெருக்கும் பழக்கம் 3, 5க்குச் சரியாக வருவதற்குக் காரணம் அவற்றுக்குப் பொதுக் காரணி 1 மட்டுமே என்பது. பொதுவாகக் கழிக்க வேண்டியது பொது மடங்குகளுட் சிறியதன் மடங்குகளை. எல்லை 13க்குக் கையாலேயே பாருங்கள்: 4, 6, 8, 12, கூட்டினால் 30. 24ஐ வைத்துக் கழித்தால் 42 வரும், ஏனென்றால் 13க்குள் 24 இன் மடங்கே இல்லை, 12 இரண்டு தடவை எண்ணப்பட்டபடியே நின்றுவிடும்.

வரும் சனிக்கிழமைக்கு 3, 5, 7 மூன்றையும் சேர்த்து 1000க்குச் செய்துகொண்டு வாருங்கள். 15, 21, 35 மூன்றின் மடங்குகளையும் கழிக்கும்போது 105 இன் மடங்குகள் ஒரேயடியாகக் காணாமல் போய்விடும்: மூன்று தடவை கூட்டி மூன்று தடவை கழிக்கிறீர்கள். அவற்றைத் திரும்ப ஒரு தடவை சேர்க்க வேண்டும். விடை 271066. வராவிட்டால் `slow` இல் `i % 7` ஐயும் சேர்த்து, சிறிய எல்லையிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள்.