அப்பாவின் டயாலிசிஸ் நாள்களுக்காக வேலை நேரத்தை மாற்றித் தரக் கேட்டு

கோயம்புத்தூர்,
27.10.2025

அனுப்புநர்:
ச. பூங்கொடி,
சீனியர் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட்,
கணக்குப் பிரிவு, கணபதி தொழிற்சாலை.

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
கணக்குப் பிரிவு.

பொருள்: நவம்பர் 3 முதல் ஆறு மாதங்களுக்கு வேலை நேரத்தை மாற்றித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய சார்,

வணக்கம். போன புதன்கிழமை உங்கள் கேபினுக்கு இந்த விஷயத்தைப் பேசத்தான் வந்தேன். பாதியில் வார்த்தை வரவில்லை. கையில் இருந்த ஃப்ரைட் பில்லைக் காட்டி ஏதோ ஒரு சந்தேகம் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். எழுத்தில் தந்தால் ஒழுங்காகச் சொல்ல முடியும் என்றுதான் இந்தக் கடிதம்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் உங்களுக்குத் தெரியும். அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செப்டம்பர் முதல் வாரத்தில் இருந்து டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சிங்காநல்லூரில் இருக்கும் மையத்தில் காலை 6 மணி ஷிப்ட் கொடுத்திருக்கிறார்கள். நான்கு மணி நேரம் என்றாலும் அது மெஷினில் இருக்கும் நேரம் மட்டும்தான். முன்னால் எடை பார்க்க வேண்டும், முடிந்ததும் மறுபடி எடை, பிரஷர் எல்லாம் பார்த்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகே அனுப்புவார்கள். வீட்டில் விட்டுவிட்டு, கஞ்சியோ இட்லியோ கொடுத்துப் படுக்க வைக்கும்போது பதினொன்று ஆகிவிடும்.

கூட ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள். டயாலிசிஸ் முடிந்ததும் அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிவிடுகிறது, கெண்டைக்காலில் பிடித்துக்கொள்கிறது. ஒரு நாள் ஆட்டோவில் ஏறும்போதே சாய்ந்துவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படியேறவே சிரமப்படுவார். அவரால் அப்பாவைத் தாங்கிப் பிடிக்க முடியாது. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. அப்புறம் மிச்சம் இருப்பது நான்தான்.

இதுவரை எப்படிச் சமாளித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. மாதத்துக்கு இரண்டு பர்மிஷன்தான் என்று இருந்தும், இந்த மாதம் மட்டும் ஐந்து எழுதியிருக்கிறேன். சில நாள் அரை நாள் விடுப்பு. சில நாள் அப்பாவை மெஷினில் படுக்க வைத்துவிட்டு ஒன்பது மணிக்கு இங்கே ஓடி வந்து, பத்தரைக்கு பேங்க் என்று சொல்லிவிட்டு மறுபடி சிங்காநல்லூர் போயிருக்கிறேன். அது தப்பு, மன்னித்துவிடுங்கள். வேலையிலும் அது தெரிந்துவிட்டது. ஒரு டீலர் அனுப்பிய ஆர்டிஜிஎஸ் தொகையை, அதே பெயர் மாதிரி இருந்த இன்னொரு டீலர் லெட்ஜரில் போட்டுவிட்டேன். ரேவதி பார்த்துத் திருத்தாமல் இருந்திருந்தால், பணம் கட்டிய ஆளுக்கே பாக்கி கேட்டுக் கடிதம் போயிருக்கும். ஆறு வருஷத்தில் அப்படி ஒரு தப்பு நான் செய்ததில்லை.

இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. செப்டம்பர் 20 சனிக்கிழமை, ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள். உள்ளீட்டு வரிக் கணக்கு ஒத்துப்போகாமல் முதல் நாள் ராத்திரி வரை இழுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை காலையிலேயே வர வேண்டியிருந்ததால், ‘திங்கட்கிழமை போய்க்கலாம்ப்பா’ என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவரும் சரி என்றார். தினமும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்பது கணக்கு. ஆனால் குடித்தது உடம்பை விட்டு வெளியேற வழி இல்லையே. ஞாயிறு ராத்திரி படுக்க முடியாமல் மூச்சு வாங்கி, உட்கார்ந்தபடியே இருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அவசரமாக டயாலிசிஸ் செய்தார்கள். அந்தச் சனிக்கிழமை நீங்கள் என்னை வரச் சொல்லவில்லை, நானும் உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருப்பீர்கள் என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் இந்த முறை முன்கூட்டியே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நான் கேட்கும் நேரம் இதுதான். திங்கள், புதன், வெள்ளி காலை 8.30 முதல் மாலை 6 வரை. செவ்வாய், வியாழன் 11.30 முதல் இரவு 7 வரை. சனிக்கிழமை 11.30 முதல் வழக்கம்போல் 1.30 வரை. வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில், சனிக்கிழமை அவர் வேலை முடித்து நேராக மையத்துக்குப் போய் அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சனிக்கிழமைகளில் அப்பாவை விட்டுவிட்டு ஒன்பது மணிக்கே வந்துவிடுவேன்.

தினசரி அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையைக் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். இப்போது வாரத்துக்கு 44.5 மணி நேரம் வேலை செய்கிறேன், இந்த ஏற்பாட்டில் 43 வரும். ஒன்றரை மணி நேரம் குறைகிறது. மாதத்துக்கு ஒரு நாள் கூட முழுசாக வராது, ஆனாலும் ஒரு நாள் என்றே வைத்து என் ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொள்ளுங்கள். கணக்கில் 19 நாள் இருக்கிறது. அதற்குப் பதில் சம்பளத்தில் பிடிப்பதுதான் முறை என்று ஹெச்.ஆரில் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

மாலை ஷிப்ட் கேட்டுப் பார்க்கக் கூடாதா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டேன். நான்கு மணி முதல் எட்டு மணி வரை உள்ள ஷிப்டில் இப்போது இடம் இல்லை, பெயர் மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். இடம் கிடைத்தாலும் நம் வேலைக்கு அது சரிப்படாது. லோடு ஏறுவது பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல்தான். இன்வாய்ஸ், ஈ-வே பில் எல்லாம் அப்போதுதான் வந்து குவியும். லாரிக்காரர் கேட்டில் நின்றுகொண்டு போன் மேல் போன் போடுவது மாலை ஆறு மணிக்கு. காலையில் நான் இல்லாததை விட அந்த நேரத்தில் இல்லாததுதான் பெரிய தொந்தரவு.

காலையில் என் வேலை என்றால் பேங்க் ஸ்டேட்மென்ட் பதிவதும் சில்லறைச் செலவு வவுச்சரும்தான். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் அதை ரேவதி பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டாள். சும்மா இல்லை, பதிலுக்கு அந்த இரண்டு நாளும் 5.30க்கு மேல் வரும் டிஸ்பாட்ச் பில்லிங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். பையனை டியூஷனில் இருந்து கூட்டி வர நேரத்துக்குக் கிளம்ப முடிகிறதே என்று அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் நீங்கள் அவளிடம் தனியாக ஒரு முறை கேட்டுவிடுங்கள். பக்கத்து சீட்டுக்காரி நேரில் கேட்டால் முடியாது என்று சொல்வது யாருக்கும் கஷ்டம்.

கடைசித் தேதிகளையும் பார்த்துவிட்டேன். என் அதிர்ஷ்டம், நவம்பரில் ஜிஎஸ்டிஆர்-1க்கு உரிய 11ஆம் தேதி செவ்வாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டிய 15 சனி, 3பி-க்கு உரிய 20 வியாழன். மூன்றும் அப்பாவின் நாள்கள். (டி.டி.எஸ். கட்டும் 7ஆம் தேதி மட்டும் பாவம் பார்த்து வெள்ளிக்கிழமை வருகிறது.) அதனால் எல்லாவற்றையும் முதல் நாளே முடித்துவிடத் திட்டம்: ஜிஎஸ்டிஆர்-1 10ஆம் தேதி திங்கள், பி.எஃப். 14 வெள்ளி, 3பி 19 புதன். 2பி 14ஆம் தேதி வந்துவிடும், அன்று மாலையே ஒப்பிட ஆரம்பித்தால் நான்கைந்து நாள் கிடைக்கும். இதில் ஒரே ஒரு சிக்கல், பர்ச்சேஸ் பில்கள். அவை 8ஆம் தேதிக்குள் எங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும். நான் சொன்னால் பர்ச்சேஸில் கேட்க மாட்டார்கள் சார், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வரும். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் உங்கள் லாக்கரில் இருப்பதால், இந்த மூன்று தேதிகளில் நீங்கள் வெளியூர் போவதாக இருந்தால் முன்னாலேயே தெரிந்தால் நல்லது.

அப்பா மெஷினில் இருக்கும் நேரத்தில் நான் வெளியே ஹாலில்தான் உட்கார்ந்திருப்பேன். காலை ஏழிலிருந்து பத்து வரை எப்போது போன் செய்தாலும் எடுப்பேன். மார்ச் கடைசியில் ஆடிட் வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு வாரத்துக்குத் தம்பியை லீவு போட்டு வரச் சொல்லியிருக்கிறேன். டிக்கெட் போட்டதும் உங்களிடம் உறுதி சொல்கிறேன்.

ஆறு மாதம் என்று கேட்டிருக்கிறேனே தவிர, அதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னால் அது பொய். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகம் தர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் பதிவு செய்யப் பரிசோதனைகள் நடக்கின்றன. எப்போது கூப்பிடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜனவரி கடைசியில் ஒரு முறை உட்கார்ந்து பார்ப்போம். இந்த ஏற்பாட்டில் வேலை பின்தங்குகிறது என்று உங்களுக்குப் பட்டால் அப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

பணத்துக்காக இந்தக் கடிதம் இல்லை சார். அப்பாவின் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போகிறது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நம் கம்பெனியில் தனி விடுப்பு இல்லை என்பதும் தெரியும். ஆகவே உரிமை என்று கேட்கவில்லை, நேரத்தைக் கொஞ்சம் நகர்த்தித் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னொரு வேண்டுகோள்: அப்பாவுக்கு என்ன நோய் என்பது உங்களோடும் ஹெச்.ஆரோடும் ரேவதியோடும் இருக்கட்டும். கேன்டீனில் எல்லோரும் விசாரிக்க ஆரம்பித்தால் பதில் சொல்லியே எனக்கு மதியம் போய்விடும்.

அப்பா முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். இந்த மாதம் ஆரம்பத்தில் இடது கையில் ஃபிஸ்டுலா போட்டார்கள், அது பக்குவமாக இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை கழுத்தில் குழாய்தான். அந்தக் கையைத் தொட்டால் உள்ளே இரத்தம் ஓடுவது அதிர்வாகத் தெரியும், தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று என் விரலைப் பிடித்து அங்கே வைத்து, ‘மோட்டார் ஓடுது பாரும்மா, பேரிங் இன்னும் நல்லாத்தான் இருக்குது’ என்றார். நம் கம்பெனியில் நான் சேர்ந்தபோது கேட் வரை கூட வந்தவர் அவர். ‘எனக்காக உன் வேலை கெடக் கூடாது’ என்று அவரும் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

மையத்தில் தந்த அட்டவணைக் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் முடிவு தெரிந்தால், மையத்தில் நவம்பர் மாத நேரத்தை உறுதி செய்துவிடுவேன். நேரங்களில் ஏதாவது மாற்ற வேண்டும் என்று நினைத்தால் கூப்பிடுங்கள். நாளை செவ்வாய், அரை நாள் விடுப்பு எழுதியிருக்கிறேன். மதியத்துக்கு மேல் என் சீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. பூங்கொடி

இணைப்பு: டயாலிசிஸ் மையத்தின் அட்டவணைக் கடிதம், நகல் 1.