சனிக்கிழமை ராத்திரி 7 மணி: அடுத்த வாரச் சமையலும் வாங்க வேண்டியதும்

எல்லோருக்கும் வாராந்திர நினைவூட்டல். எட்டரை மணி வரைக்கும்தான் மாற்றம் சொல்லலாம், அப்புறம் பட்டியல் மூடப்படும். காலையில் பையோடு கிளம்புகிறவரை வாசலில் நிறுத்தி "சேனைக்கிழங்கு" என்று கத்தினால் சேனைக்கிழங்கு வராது.

இந்த வாரம் கொஞ்சம் சிக்கலான வாரம். புதன்கிழமை புரட்டாசி பிறக்கிறது, அதனால் கவிச்சி எல்லாம் செவ்வாய் ராத்திரியோடு முடிய வேண்டும். ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். நெத்திலி அரைக் கிலோ, சிக்கன் கொஞ்சம் (யார் எப்போது வைத்தது?) இருக்கிறது. புதிதாக வாங்குவது நாளைக்கு ஆட்டுக்கறி ஒரு கிலோ மட்டும்தான். மீன் வேண்டாம், தம்பி, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், இருக்கிற நெத்திலியை முதலில் தீர்ப்போம். பாப்பாவுக்கு மட்டும் மாதம் முழுக்க முட்டை உண்டு, அத்தை ஒத்துக்கொண்டாயிற்று, ஆனால் அதற்குத் தனி தோசைக்கல், தனி கரண்டி.

ஞாயிறு மதியம் கறிக்குழம்பு, ராத்திரி அதே குழம்புக்குத் தோசை, இருக்கிற மாவு அதோடு காலி. மதியமே ஊறப்போட்டு சாயங்காலம் ஆட்டிவிட வேண்டும்: ஒரு படி இட்லி அரிசி, கால் படி உளுந்து, வெந்தயம். திங்கள் காலை இட்லி, டப்பாவுக்குத் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், ராத்திரி சப்பாத்திக்கு அந்தச் சிக்கன். செவ்வாய் காலை தோசை, மதியம் முருங்கைக்காய் சாம்பார், ராத்திரி சாதம், ரசம், நெத்திலி வறுவல். அத்தோடு ஃப்ரீசரைத் துடைத்துவிடலாம்.

புதன் கீரை மசியலும் ரசமும். வியாழன் வத்தக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், ராத்திரி கோதுமை ரவை உப்புமா. மாமாவுக்கு சர்க்கரை போன மாதம் ஏறியிருந்ததால் ராத்திரியில் அரிசியை இன்னும் குறைக்கிறோம், மாமா முகம் சுளிக்கக் கூடாது. வெள்ளி எலுமிச்சை சாதம், வெண்டைக்காய் வறுவல், அன்று ராத்திரியே கொண்டைக்கடலையை ஊறப்போட வேண்டும், ஏனென்றால் சனி புரட்டாசியின் முதல் சனிக்கிழமை: புளியோதரை, மிளகு போட்ட உளுந்து வடை, சுண்டல், தயிர் சாதம். வெங்காயம் பூண்டு கிடையாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கு மறுநாள், அடுத்த ஞாயிறு, மகாளய அமாவாசை. மாமா தர்ப்பணம் கொடுப்பார். வழக்கம்போல அடுத்த சனி ராத்திரி பட்டியல் போட்டு ஞாயிறு காலை சந்தைக்குப் போனால் வாழைக்காயை விலை கேட்கவே பயமாக இருக்கும், சமைக்கவும் நேரம் இருக்காது. அதனால் வாழைக்காய் 4, பாகற்காய் கால் கிலோ, கொத்தவரங்காய் கால் கிலோ, வாழையிலை 10 ஆகியவற்றை வெள்ளிக்கிழமை சாயங்காலமே தம்பி வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வரட்டும்.

இனி பட்டியல். வீட்டில் இருப்பதைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அண்ணா நகர் உழவர் சந்தை (பாப்பா அப்பா, காலை 6 மணிக்குள்): தக்காளி 2 கிலோ, சின்ன வெங்காயம் 1 கிலோ, உருளைக்கிழங்கு 1 கிலோ, முருங்கைக்காய் 5, அவரைக்காய் அரைக் கிலோ, வெண்டைக்காய் முக்கால் கிலோ (நுனியை ஒடித்துப் பார்த்து), எலுமிச்சை 8, பச்சை மிளகாய் 200 கிராம், இஞ்சி 100 கிராம், தேங்காய் 4, கொத்தமல்லி. பெரிய வெங்காயம் இரண்டு கிலோ இருக்கிறது, மலிவு என்று பார்த்துத் தூக்கி வராதீர்கள். கறிவேப்பிலை பின்பக்க மரத்தில் இருக்கிறது. கீரை வேண்டாம், ஞாயிறு வாங்கினால் புதனுக்குள் மஞ்சளாகிவிடும், புதன் காலை தெருவில் வரும் கீரைக்கார அம்மாவிடம் அத்தை இரண்டு கட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

திரும்பும்போது கறிக்கடை: நெஞ்செலும்போடு ஒரு கிலோ.

மளிகை (நான், நாளை சாயங்காலம்): உளுந்து 2 கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர், புளி கால் கிலோ, கொண்டைக்கடலை அரைக் கிலோ, கோதுமை மாவு 2 கிலோ, கோதுமை ரவை அரைக் கிலோ, வேர்க்கடலை கால் கிலோ, எள் 50 கிராம், மிளகு 100 கிராம், பெருங்காயம் சின்ன டப்பா.

ரேஷன் (மாமா, திங்கள்): துவரம் பருப்பு இந்த மாதம் இன்னும் வாங்கவில்லை, கிலோ 30 ரூபாய்க்குக் கிடைப்பதை விட்டுவிட்டு மளிகையில் வாங்க மனசு வரவில்லை. பாமாயிலும் சேர்த்து. ஸ்மார்ட் கார்டு டிவி மேசை இழுப்பறையில்.

முட்டை 8 இருக்கிறது, பாப்பாவுக்குப் போதும்.

தம்பி, நீங்கள் வியாழன் ராத்திரி வெளியே சாப்பிடுவதாகச் சொன்னது உறுதிதானா? உறுதி என்றால் உப்புமாவுக்கு ஓர் ஆழாக்கு ரவை குறைத்துப் போடுவேன். பாப்பா, ஸ்கூல் டப்பாவுக்கு வெண்டைக்காய் வேண்டாம் என்றால் இப்போதே சொல்.