வறட்சியும் மரச்சாவும்: நீர்க்கடத்தல் முறிவு பற்றிய சுருக்கம்

மழை பொய்த்தது, மரம் செத்தது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஒரே சரிவில், ஒரே மண்ணில், ஒரே மழைக்குறைவில் ஓர் இனம் கூட்டமாக மடிய, பக்கத்தில் நிற்கும் இன்னோர் இனம் தப்பிவிடுகிறது. அமெரிக்கத் தென்மேற்கில் 2002–2003இல் நடந்தது இதுதான். நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் அருகே நெடுநாள் கண்காணிப்பில் இருந்த ஒரு திடலில் பின்யான் பைன்களில் 90 சதவீதத்துக்கு மேல் செத்தன. அவற்றோடு கலந்து வளர்ந்த ஜூனிப்பர்கள் பெரும்பாலும் பிழைத்தன. வறட்சிச் சாவு பற்றிய கடந்த இருபது ஆண்டு விவாதத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு மரங்களைச் சுற்றியே நடந்தது.

மரத்துக்குள் நீர் பெரும்பாலும் கீழிருந்து தள்ளப்படுவதில்லை. இலையின் ஈரச் சுவர்களிலிருந்து நீர் ஆவியாகும்போது, நீரை மேலேற்றும் திசுவான சைலத்தின் குழாய்களில் உள்ள நீர்ப்பத்தி வேர் வரைக்கும் இழுபடுகிறது. 1894இல் டிக்ஸனும் ஜோலியும் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. அதனால் சைலத்தின் அழுத்தம் எதிர்க்குறியில் இருக்கும். மண் காயக் காய இழுவிசை கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால், காற்று நிறைந்த பக்கத்துக் குழாயிலிருந்து இரு குழாய்களுக்கும் இடையிலுள்ள குழிச்சவ்வின் நுண்துளை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, நீர்ப்பத்தி அறுந்துவிடும். கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் ஏர் பிடித்ததைப் போல, அந்தக் குழாய் இனி நீர் ஏற்றாது. அதன் பங்கு நீரையும் மிஞ்சிய குழாய்களே கொண்டுபோக வேண்டும். அவற்றில் இழுவிசை இன்னும் ஏறும். மேலும் குழாய்கள் அறும். இந்தச் சுழலுக்குத்தான் நீர்க்கடத்தல் முறிவு என்று பெயர்.

ஓர் இனம் எவ்வளவு தாங்கும் என்பதை P50 காட்டுகிறது: கடத்துத்திறனில் பாதி போய்விடும் நீரியல் திறன் அது. மரத்திலுள்ள நீர் எவ்வளவு இழுவிசையில் இருக்கிறது என்பதன் அளவே நீரியல் திறன்; எதிர்க்குறியில் கீழே போகப் போக இழுவிசை கூடும். ஆஸ்திரேலியாவின் காலிட்ரிஸ் ட்யூபர்குலேட்டாவில் இது −18.8 மெகாபாஸ்கல், ஈரக்காட்டு மரங்கள் பலவற்றில் −1 முதல் −3 வரைக்குள்தான். ஆனால் P50ஐ மட்டும் வைத்து எது சாகும் என்று சொல்லக் கூடாது. களத்தில் அந்த மரம் சந்திக்கும் மிகத் தாழ்ந்த நீரியல் திறனுக்கும் P50க்கும் உள்ள இடைவெளியே பாதுகாப்பு வரம்பு. 81 இடங்களில் 226 இனங்களைத் தொகுத்த 2012ஆம் ஆண்டு ஆய்வில் ஏறக்குறைய 70 சதவீத இனங்களுக்கு இந்த வரம்பு 1 மெகாபாஸ்கலுக்கும் குறைவு. மழைக்காட்டு மரமும் வறண்டநில மரமும் தத்தம் இடத்தில் விளிம்பை ஒட்டித்தான் வாழ்கின்றன. ஈரக்காடு வறட்சிக்கு அஞ்சத் தேவையில்லை என்ற எண்ணத்துக்கு இதில் இடமே இல்லை.

இனி பின்யானுக்கும் ஜூனிப்பருக்கும் வருவோம். மண் காயத் தொடங்கியதும் பின்யான் இலைத்துளைகளைச் சீக்கிரம் மூடி, நீரியல் திறனை −2 மெகாபாஸ்கலை ஒட்டியே வைத்துக்கொள்ளப் பார்க்கும். ஜூனிப்பர் அதற்கும் வெகு கீழே போன பிறகும் துளைகளைத் திறந்து ஒளிச்சேர்க்கை செய்யும். அதன் சைலம் அதைத் தாங்கும். இதை வைத்து 2008இல் ஒரு கருதுகோள் முன்வந்தது: மூடிக்கொள்ளும் மரம் மாதக்கணக்கில் உணவு தயாரிக்க முடியாமல் சேமிப்பைத் தின்று பட்டினியால் சாகும், திறந்துவைக்கும் மரம் நீர்க்கடத்தல் முறிந்து சாகும். அழகான பிரிவினை, ஆனால் தரவு அதற்கு முழுமையாக ஒத்துழைக்கவில்லை. 26 இனங்களைத் தொகுத்த 2017 ஆய்வில், செத்த எல்லா இனங்களிலும் கடத்துத்திறன் 60 சதவீதமோ அதற்கு மேலோ போயிருந்தது. சர்க்கரை, மாவுச்சத்துக் குறைவு ஏறக்குறைய பாதி இனங்களில்தான் தென்பட்டது. அமேசானின் காஷிவானா காட்டில் ஒரு ஹெக்டேரில் பிளாஸ்டிக் தகடுகளைப் பரப்பி, 2002 முதல் மழையில் ஏறத்தாழ பாதியை மண்ணுக்குப் போகாமல் தடுத்தார்கள். அங்கே முதலில் விழுந்தவை பெரிய மரங்கள். உணவுச் சேமிப்போ கரைந்திருக்கவில்லை. பட்டினி முக்கியமே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. சேமிப்பு குறைந்த மரத்தால் பிசின் சுரக்கவோ புதுச் சைலம் கட்டவோ முடியாது. ஆனால் இரண்டையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்துவதை இனி விட்டுவிடலாம்.

துளையை மூடிய பிறகும் கசிவு நிற்பதில்லை. இலையின் மெழுகுப் படலமான கியூட்டிக்கிள் வழியாகவும் சரியாக மூடாத துளைகள் வழியாகவும் நீர் போய்க்கொண்டேயிருக்கும். அப்போது மரம் எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தண்டில் உள்ள நீர் இருப்பு, இலைப்பரப்பு, கசிவின் வேகம், காற்றின் வறட்சி ஆகியவை தீர்மானிக்கின்றன. வெப்பம் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான். 30 டிகிரியில், ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால் காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பதைக் காட்டும் ஆவி அழுத்தப் பற்றாக்குறை சுமார் 2.5 கிலோபாஸ்கல். காற்றில் உள்ள நீராவி அதே அளவில் நிற்க, வெப்பம் மட்டும் 34 டிகிரிக்கு ஏறினால் அது 3.6 ஆகிவிடும். மழையில் ஒரு துளிகூடக் குறையாமலேயே, கசிவை இழுக்கும் விசை 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. பழைய அளவு வறட்சி புதிய வெப்பத்தில் கொல்வதற்கு முதன்மைக் காரணம் இது.

மீள முடியாத புள்ளி எது? லோப்லாலி பைன் கன்றுகளில் கடத்துத்திறன் 80 சதவீதம் போனபோது பாதிக் கன்றுகள் செத்தன. பொதுவாக ஊசியிலை மரங்கள் 50 சதவீத இழப்பை ஒட்டியும், பூக்கும் மரங்கள் 88 சதவீதத்தை ஒட்டியும் மீளாமல் போகும் என்று எழுதுவது வழக்கம். லோப்லாலி கணக்கைப் பார்த்தால் அந்த 50 கொஞ்சம் அவசர முடிவு. பிழைத்த மரத்திலும் காற்றடைத்த குழாய்கள் பெரும்பாலும் திரும்ப நிரம்புவதில்லை. பட்டைக்கு உள்ளே வளரும் அடுக்கான கேம்பியம் புது வளையம் கட்டித்தான் ஈடு செய்ய வேண்டும். நல்ல மழை பெய்து ஓரிரு ஆண்டுகள் கழித்தும் மரங்கள் சாவது இதனால்தான்.

காட்டில் சாவுச் சான்றிதழ் பெரும்பாலும் பட்டைவண்டின் பெயரில் இருக்கும். கலிபோர்னியாவில் 2010–2017க்குள் செத்ததாக வனத்துறை வான்வழிக் கணக்கெடுப்பு சொன்ன 12.9 கோடி மரங்களில் பாண்டரோசா பைன்களை முடித்துவைத்தது மேற்குப் பைன் வண்டு. நீர் இழுவிசை ஏறிய மரத்தில் பிசின் அழுத்தம் தாழும். வண்டைத் துளையிலிருந்து வெளியே தள்ள முடியாது. வண்டோடு வரும் நீலக்கறைப் பூஞ்சை சைலத்தையும் அடைக்கும்.

அளவீட்டில் இரண்டு பிழைகள் பழைய எண்களைக் கெடுத்துள்ளன. இழுவிசையில் இருக்கும் கிளையை வெட்டினால், நீருக்கடியில் வெட்டினாலும்கூட, வெட்டே புதிதாகக் காற்றடைப்பை உண்டாக்கலாம். முதலில் கிளை முனையை நீரில் வைத்து இழுவிசையைத் தளர்த்தி, பிறகு நீருக்கடியில் படிப்படியாகக் குட்டையாக வெட்ட வேண்டும். இரண்டாவது, ஓக் போன்ற நீளக்குழாய் மரங்களில் துண்டின் நீளம் குழாயைவிடக் குறைந்தால், இரு முனையும் திறந்த குழாய் மிக எளிதில் காலியாகி, P50 உண்மையைவிடப் பூஜ்யத்துக்கு நெருக்கமாக வரும். ஒரு முனையில் சுமார் 0.1 மெகாபாஸ்கல் காற்றைச் செலுத்தி, மறுமுனையை நீரில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். கடத்துத்திறன் இழப்புச் சதவீதமான PLCயைக் கணக்கிடும் சூத்திரம்:

```
PLC = 100 × (1 − K / Kmax)
```

இங்கே K அப்போதைய கடத்துத்திறன். Kmax அடைப்பை நீக்கிய பின் கிடைப்பது. களத்தில் இலையின் நீரியல் திறனை அளக்கும் அழுத்தக் கலத்தில் விடியுமுன் எடுக்கும் அளவு வேர் எட்டும் மண்ணின் நிலையைச் சொல்லும். நண்பகல் அளவு மரம் அன்றாடம் படும் இழுவிசையைச் சொல்லும். காலநிலை மாதிரிகளில் சைலத்தின் P50 இப்போது சேர்ந்துவருகிறது. வேரின் ஆழமும் மூடிய இலையின் கசிவு வேகமும்தான் பல இனங்களுக்கு இன்னும் அளக்கப்படாமல் கிடக்கின்றன.